மொட்டைமாடியில் வந்த ஆரஞ்சு பட்டாம்பூச்சி எது? சிறகு போட்டோவை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

காலை எட்டரை மணி. சென்னையில் ஒரு அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்து விழுகிறது. டேபிள் ரோஸ் தொட்டியின் விளிம்பில் சிறகை முழுக்க விரித்து உட்கார்ந்திருக்கும் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி. முன்சிறகின் நுனி கறுப்பு, அந்தக் கறுப்புக்குள் சாய்வாக ஒரு வெள்ளைப் பட்டை. கீழே கேள்வி: "இது என்ன பட்டாம்பூச்சி, யாருக்காச்சும் தெரியுமா?"

அஞ்சு நிமிஷத்தில் மூன்று பதில்கள். ஒருவர் "மோனார்க்" என்றார். இன்னொருவர் "பிளெய்ன் டைகர், எங்க ஊர்ல எருக்கஞ்செடி பூரா இதான்" என்றார். மூன்றாமவர், "பட்டாம்பூச்சி சிறகை மூடித்தானே உட்காரும்? விரிச்சு உட்கார்ந்தா அது அந்துப்பூச்சி" என்று அடித்துச் சொன்னார்.

மூன்றுமே தப்பு. ஆனால் இரண்டாவது பதில் கிட்டத்தட்ட சரி, அந்தத் தப்புதான் சுவாரஸ்யமானது. அந்த ஒரே போட்டோவை வைத்துக்கொண்டு விடையைத் தேடிப் பார்ப்போம்.

முதல் கேள்வி: பட்டாம்பூச்சியா, அந்துப்பூச்சியா?

மூன்றாமவர் சொன்ன விதியை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பட்டாம்பூச்சி சிறகை முதுகுக்கு மேலே சேர்த்து, கைகூப்பியது போல உட்காரும். அந்துப்பூச்சி விரித்து உட்காரும். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் காலை வெயிலில் இந்த விதி செல்லாது. பட்டாம்பூச்சியின் உடம்பு தானாகச் சூடாகாது. பறப்பதற்குத் தேவையான சூட்டை வெயிலில் இருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் காலையிலும், மழை விட்ட பிறகும் சிறகை அகல விரித்து வெயில் காயும். நம்ம போட்டோ எட்டரை மணிக்கு எடுத்தது. உட்காரும் விதத்தைப் பார்க்கும்போது கூடவே எடுத்த நேரத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

அப்போ எதை நம்புவது? உணர்கொம்பை. போட்டோவைப் பெரிதாக்கி, தலையில் இருந்து நீளும் இரண்டு மெல்லிய கொம்புகளின் நுனியைப் பாருங்கள். தீக்குச்சி மாதிரி நுனி தடித்திருந்தால் பட்டாம்பூச்சி. வெறும் நூல் போலவோ, கோழி இறகு போலக் கிளைத்தோ இருந்தால் அநேகமாக அந்துப்பூச்சி. நம்ம போட்டோவில் நுனி தெளிவாகத் தடித்திருக்கிறது. ஆக, பட்டாம்பூச்சிதான்.

உணர்கொம்பு தெரியாத போட்டோ என்றால் அமர்ந்திருக்கும் தோரணைக்குத் திரும்ப வேண்டியதுதான். அப்போது "விரிச்சிருக்கா, மூடியிருக்கா" என்று மட்டும் கேட்காமல், "பின்சிறகு தெரியுதா?" என்று கேளுங்கள். ஓய்வெடுக்கும் அந்துப்பூச்சிகளில் பல, முன்சிறகைப் பின்பக்கமாக இழுத்துப் பின்சிறகை மூடிக்கொள்ளும். சில ஓட்டு வீட்டுக் கூரை போல இரண்டு பக்கமும் சரிந்து உட்காரும். ஹாக் மாத் எனப்படும் பருத்த உடம்புக்காரர்கள் நிறுத்தி வைத்த ஜெட் விமானம் மாதிரி இருப்பார்கள். அரளிச் செடியில் புழுவாக வளரும் பச்சை நிற ஹாக் மாத்தை ஒருமுறை சுவரில் பார்த்தால் பிறகு மறக்கவே மறக்காது. பட்டாம்பூச்சி சிறகை விரிக்கும்போது பொதுவாக நான்கு சிறகும் வெளியே தெரியும்.

நடுவில் குழப்புகிற ஒரு கூட்டம் உண்டு: ஸ்கிப்பர் என்று சொல்லப்படும் குட்டி, குண்டு உடம்புப் பட்டாம்பூச்சிகள். இவற்றில் பல வெயில் காயும்போது பின்சிறகைத் தட்டையாக விரித்து, முன்சிறகைப் பாதி தூக்கி நிறுத்தும். பார்க்கும்போது பட்டாம்பூச்சியும் இல்லை, அந்துவும் இல்லை என்று தோன்றும். அந்தப் பாதித் திறப்பே ஸ்கிப்பர் என்பதற்கு நல்ல அடையாளம்.

"ராத்திரி டியூப்லைட்டுக்கு வந்துச்சு, அப்போ அந்துதானே?" என்ற கேள்வியும் அடிக்கடி வரும். ஈவ்னிங் பிரவுன் என்ற பழுப்புப் பட்டாம்பூச்சிக்கு அந்தி நேரத்தில் பறக்கிற பழக்கம். விளக்கு வெளிச்சத்துக்கு வீட்டுக்குள்ளும் வந்துவிடும். ஆனால் உட்காரும்போது சிறகை மேலே சேர்த்து நிறுத்தி, காய்ந்த சருகு போல ஆகிவிடும். நேரம் ஏமாற்றினாலும் தோரணை காட்டிக்கொடுத்துவிடுகிறது.

உட்காரும் விதத்துக்கும் சிறகு வடிவத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஓய்வெடுக்கும்போது எந்தப் பக்கம் வெளியே தெரிகிறதோ, ஒளிந்துகொள்ளும் வேலையை அந்தப் பக்கம்தான் செய்யும்.

பட்டாம்பூச்சி சிறகை மூடி உட்கார்ந்தால் வெளியே தெரிவது அடிப்பக்கம். அதனால்தான் மேலே நீலமும் மஞ்சளுமாக மின்னும் பல பட்டாம்பூச்சிகளின் அடிப்பக்கம் மண் நிறத்தில், சாம்பல் கோடுகளோடு இருக்கிறது. அந்துப்பூச்சிக்கு நேர் எதிர். மரப்பட்டை போன்ற வேலைப்பாடு முன்சிறகின் மேல்பக்கத்தில் இருக்கும். பளிச் நிறம் ஏதாவது இருந்தால், அது மூடிக்கிடக்கும் பின்சிறகில் இருக்கும். தொந்தரவு செய்தால் மட்டும் சட்டென்று திறந்து காட்டும்.

நடைமுறையில் இதன் பொருள், ஒரு பட்டாம்பூச்சிக்கு இரண்டு போட்டோ வேண்டும் என்பதுதான். மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று. புல்வெளியில் பறக்கிற விரல் நகம் அளவு நீலப் பட்டாம்பூச்சிகளை மேலே இருந்து மட்டும் எடுத்தால் பெயர் சொல்வது மிகவும் கஷ்டம். பல இனங்களுக்கு மேல்பக்கம் ஒரே மாதிரி நீலம்தான். அடிப்பக்கத்துப் புள்ளிகளை வைத்துத்தான் பிரிப்பார்கள். மஞ்சள் புல்பூச்சிகளும் அப்படித்தான். முன்சிறகின் அடிப்பக்கத்தில், உடம்பை ஒட்டிய பகுதியில் இரண்டு சின்னக் குறிகள் இருந்தால் காமன் கிராஸ் யெல்லோ, மூன்று இருந்தால் த்ரீ-ஸ்பாட் கிராஸ் யெல்லோ என்பது வழக்கமான கணக்கு. மேலே இருந்து பார்த்தால் இரண்டும் அதே மஞ்சள், அதே கறுப்பு ஓரம்.

சரி, நம்ம ஆரஞ்சுக்காரரின் அடிப்பக்கம்? அதுவும் ஆரஞ்சு. மறைவதற்கான எந்த முயற்சியும் இல்லை. "நான் இங்கேதான் இருக்கேன், முடிஞ்சா தின்னு பாரு" என்கிற தோரணை. இது ஒரு துப்பு. இரண்டு பக்கமும் பளிச்சென்று இருக்கிற பூச்சி, ஒன்று உண்மையிலேயே விஷம் உள்ளதாக இருக்கும். இல்லையென்றால் விஷம் இருப்பதாக நடிப்பதாக இருக்கும்.

ஆரஞ்சு கூட்டத்தில் ஆள் பிரிப்பது

இப்போது வரிசையாக நீக்கிக்கொண்டே வரலாம்.

மோனார்க் அமெரிக்கக் கண்டத்துப் பட்டாம்பூச்சி. இணையத்தில் "ஆரஞ்சு பட்டாம்பூச்சி" என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அதுதான் என்பதால், நம்ம ஊர்ப் பூச்சிக்கெல்லாம் அந்தப் பெயர் விழுகிறது. மோனார்க்கின் சிறகு நரம்புகள் ஒவ்வொன்றும் தடித்த கறுப்புக் கோடு. நம்ம ஊரில் அப்படிக் கோடு போட்டிருப்பது ஸ்ட்ரைப்ட் டைகர். போட்டோவில் இருப்பதன் சிறகில் நரம்புக் கோடுகள் கறுப்பாக இல்லை. வெறும் ஆரஞ்சுப் பரப்பு. ஆக இரண்டுமே இல்லை.

டானி கோஸ்டர் என்று இன்னொரு ஆரஞ்சு உண்டு. அது சின்னது, முன்சிறகு ஒல்லியாக நீண்டிருக்கும், நுனியில் வெள்ளைப் பட்டை கிடையாது. அதுவும் நீங்கியது.

மிச்சம் இருப்பது இரண்டு. ஒன்று பிளெய்ன் டைகர். தமிழில் வெந்தய வரியன் என்பார்கள். இன்னொன்று டானைட் எக்ஃப்ளை என்ற இனத்தின் பெண். அளவு ஏறக்குறைய ஒன்றே. ஆரஞ்சு, கறுப்பு நுனி, வெள்ளைப் பட்டை எல்லாம் ஒன்றே. பறக்கும்போது அந்த அலட்சியமான, மெதுவான போக்கைக்கூட இது காப்பியடிக்கும்.

ஏன் இந்த வேஷம்? வெந்தய வரியனின் புழு எருக்கு இலையைத் தின்று வளர்கிறது. எருக்கம்பாலில் இதயத்தைப் பாதிக்கும் வேதிப்பொருட்கள் உண்டு. அந்த வகைச் செடிகளின் நஞ்சு பட்டாம்பூச்சியின் உடம்பிலும் சேர்வதால், ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை அடுத்த முறை அந்த ஆரஞ்சைப் பார்த்தாலே விலகிப் போகும். எக்ஃப்ளைக்கு அந்த நஞ்சு இல்லை. அதன் பெண், நஞ்சுக்காரரின் சட்டையை மட்டும் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. இந்த வகை வேஷத்தை 1862-ல் விளக்கியவர் அமேசான் காடுகளில் பூச்சி சேகரித்த ஹென்றி வால்டர் பேட்ஸ். அவர் பெயரிலேயே இது இன்றும் அழைக்கப்படுகிறது. எக்ஃப்ளை ஆண் இந்த நாடகத்திலேயே இல்லை. அது கறுப்பு, ஊதா விளிம்போடு பெரிய வெள்ளை வட்டங்கள். ஜோடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே இனம் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

பறவையை ஏமாற்றும் வேஷத்தில் நாம் எங்கே ஓட்டை கண்டுபிடிப்பது? பின்சிறகின் நடுவில்.

வெந்தய வரியனின் பின்சிறகு நடுப்பகுதியில் சிறிய கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக இருக்கும். பெண்ணுக்கு மூன்று. ஆணுக்கு நான்கு, அந்த நான்காவது, வாசனைச் செதில்கள் உள்ள ஒரு சின்னப் பை. ஆக, சரியான போட்டோ கிடைத்தால் இனத்தோடு ஆணா பெண்ணா என்பதையும் சொல்லிவிடலாம். எக்ஃப்ளை பெண்ணுக்கு நடுவில் இந்தக் கூட்டம் கிடையாது. ஒரே ஒரு கறுப்புப் புள்ளி, அதுவும் பின்சிறகின் முன் ஓரத்தை ஒட்டி. பல போட்டோக்களில் முன்சிறகு அதைப் பாதி மறைத்திருக்கும்.

வாட்ஸ்அப் போட்டோவைப் பெரிதாக்கினால் பின்சிறகின் நடு துடைத்து வைத்த மாதிரி வெறும் ஆரஞ்சு. முன் ஓரத்தில், முன்சிறகுக்குக் கீழே இருந்து ஒரு கறுப்புப் பொட்டு எட்டிப் பார்க்கிறது. அடுத்து சிறகின் ஓரம். வெந்தய வரியனின் பின்சிறகு ஓரம் வழவழவென்று வளைந்து போகும். இதில் லேசான அலை, அலையாக வெட்டி விட்ட துணி மாதிரி. வடிவமும் புள்ளியும் ஒரே பெயரைச் சொல்கின்றன: டானைட் எக்ஃப்ளை, பெண்.

கவனித்தீர்களா, நிறத்தை வைத்து எந்த முடிவும் எடுக்கவில்லை. ஆரஞ்சு என்பது போன் கேமராவுக்குப் போன் கேமரா மாறும். நிழலில் எடுத்தால் பழுப்பாகும், ஃபில்டர் போட்டால் சிவப்பாகும், வயதான பூச்சியின் சிறகில் செதில் உதிர்ந்து வெளுத்துப்போகும். போதாததற்கு, வெந்தய வரியனிலேயே கறுப்பு நுனி இல்லாத வடிவமும், பின்சிறகு வெள்ளையாக இருக்கும் வடிவமும் உண்டு. எக்ஃப்ளை பெண் அந்த இரண்டு வேஷங்களையும்கூட விட்டு வைக்கவில்லை! ஆனால் புள்ளி எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்பது அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

சிறகை மட்டும் பார்த்தால் போதாத இடம்

கறிவேப்பிலைச் செடி வைத்திருப்பவர்களுக்கு காமன் மார்மன் பழக்கமாக இருக்கும். அதன் புழு அந்தச் செடியில்தான் வளர்கிறது. இதன் பெண்ணும் வேஷக்காரிதான். காமன் ரோஸ் என்ற, பறவைகள் தொடாத பட்டாம்பூச்சியைப் போல கறுப்புச் சிறகு, வெள்ளைத் திட்டு, சிவப்புப் பொட்டு, பின்சிறகில் வால் என எல்லாம் உண்டு. இங்கே சிறகை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் தலைவலிதான் மிஞ்சும். உடம்பைப் பாருங்கள். காமன் ரோஸின் உடம்பு சிவப்பு. மார்மனுடையது கறுப்பு. சிறகை மட்டும் கச்சிதமாகக் கத்தரித்து ஸ்டேட்டஸ் வைப்பவர்கள் தூக்கிப்போடுவது இந்த ஆதாரத்தைத்தான்.

வாலை மட்டும் நம்பினாலும் சிக்கல் வரும். பறவையோ ஓணானோ முதலில் பிடுங்குவது பெரும்பாலும் பின்சிறகைத்தான், அதனால் வால் போன பட்டாம்பூச்சிகள் சாதாரணம். ஒரு பக்கம் மட்டும் வடிவம் வித்தியாசமாக இருந்தால் அது கிழிசல். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால்தான் அது வடிவம்.

பருவமும் விளையாடும். முன்னே சொன்ன ஈவ்னிங் பிரவுனை மழைக்காலத்தில் எடுத்தால் அடிப்பக்கத்தில் வரிசையாகக் கண் போன்ற வட்டங்கள் இருக்கும். வறண்ட காலத்தில் பிறந்ததில் அவை தேய்ந்து, வெறும் சருகு வேலைப்பாடாகிவிடும். இரண்டு போட்டோவையும் வைத்துக்கொண்டு "ரெண்டு வேற வேற இனம்" என்று சத்தியம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அந்தக் கட்சிதான்.

அப்போ எப்படி எடுக்க வேண்டும்?

முதலில் தூரத்தில் இருந்தே ஒரு போட்டோ. பறந்துவிட்டால் அதாவது மிஞ்சும். பிறகு மெதுவாக நெருங்குங்கள்; உங்கள் நிழல் பூச்சியின் மேல் விழக்கூடாது, விழுந்தால் போய்விடும். சிறகு விரிந்திருந்தால் போனை அதற்கு நேர் மேலே பிடியுங்கள். சாய்வாக எடுத்தால் ஒரு சிறகு நீளும், இன்னொன்று சுருங்கும், ஓரத்தின் அலையெல்லாம் தெரியாது. மூடியிருந்தால் பக்கவாட்டில், சிறகுக்குச் சமமாக. டிஜிட்டல் ஜூம் வேண்டாம். கிட்டப் போய் எடுத்துவிட்டு பிறகு வெட்டிக்கொள்ளலாம். உட்கார்ந்திருக்கும் செடியையும் சேர்த்து எடுங்கள். குழுவில் அனுப்பும்போது ஊர், தேதி, நேரம் மூன்றையும் எழுதுங்கள். வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் போட்டோவைச் சுருக்கிவிடும் என்பதால், டாக்குமென்டாக அனுப்பினால் புள்ளிகள் பிழைக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க ifoundbutterflies.org என்ற இந்தியப் பட்டாம்பூச்சிகளுக்கான தளத்தில் ஒவ்வொரு இனத்துக்கும் மேல்பக்கம், அடிப்பக்கம், ஆண், பெண், புழு என்று தனித்தனிப் படங்கள் இருக்கின்றன. ஒரே ஒரு படம் ஒத்துப்போவதை வைத்து முடிவு செய்யாமல், பக்கத்து இனங்களின் படங்களையும் திறந்து "இது ஏன் அது இல்லை?" என்று கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு செய்தும் சில போட்டோக்களுக்குப் பெயர் கிடைக்காது. சில ஸ்கிப்பர்களையும் நிறைய அந்துப்பூச்சிகளையும் உள்ளுறுப்புகளை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் நிபுணர்களே பிரிக்கிறார்கள். அப்படிப்பட்டதற்கு "ஸ்கிப்பர் வகை" என்று எழுதி நிறுத்துவதுதான் சரியான விடை.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

அந்த அபார்ட்மென்ட் போட்டோவுக்கே வருவோம். இது வெந்தய வரியன் என்றால், டேபிள் ரோஸ் தொட்டிக்கு அது வெறும் விருந்தாளி. தேன் குடிக்கவோ வெயில் காயவோ வந்திருக்கும். அதன் குடும்பம் எருக்கஞ்செடியில். எக்ஃப்ளை பெண் என்றால் கதையே வேறு. இதன் புழுக்கள் தின்பது பருப்புக்கீரை வகைச் செடிகளை. டேபிள் ரோஸும் அதே குடும்பம். அந்தத் தொட்டியின் விளிம்பில் காலையில் உட்கார்ந்திருந்த பெண், முட்டை வைக்க இடம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

போட்டோ போட்டவர் பிறகு எழுதியது: "போன மாசம் இந்தத் தொட்டியில கறுப்பா முள்ளு முள்ளா புழு வந்துச்சு. கம்பளிப்பூச்சினு நினைச்சு வேப்பெண்ணெய் அடிச்சேனே?"

எக்ஃப்ளை புழுவின் உடம்பு கருமை, மேலே கிளைவிட்ட முட்கள், தலை மட்டும் ஆரஞ்சுச் சிவப்பு, தலையில் இரண்டு நீண்ட கொம்புகள். வெந்தய வரியனின் புழுவோ கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகள் போட்டு, முள்ளே இல்லாமல், மூன்று ஜோடி மெல்லிய கறுப்புக் கொம்புகளோடு இருக்கும். டானைட் எக்ஃப்ளை, 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் பெயர் இடம்பெற்ற இனம் என்பது அந்தக் குழுவில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இந்த முறை அவர் மருந்து எடுக்கவில்லை. இலைகளைப் புரட்டி அடிப்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். முட்டை மாதிரி ஏதோ இருக்கிறது. போட்டோ கொஞ்சம் ஆடிப்போயிருக்கிறது. இன்னொன்று எடுக்கச் சொல்லியிருக்கிறோம்.